பேசிய விலையா, பட்டியல் விலையா?

கேள்வி: ஐயா, தலவாக்கலையில் அப்பா நடத்திய தேயிலை மொத்த வியாபாரத்தை இப்போது நான் பார்க்கிறேன். டஸ்ட் 1 தேயிலைக்கு எங்கள் விலை, 9 கிலோ வரை கிலோ 1,400 ரூபாய், 10 முதல் 1,340, 50 முதல் 1,290, 100 முதல் 1,250. சரக்கு எங்கள் கடைக்கு வந்து சேரும் வரை அடக்கம் 1,170. சில வாடிக்கையாளர்களுக்கு அப்பா தனியாகப் பேசிய விலை உண்டு. ஹட்டனில் ஒரு ஹோட்டல்காரருக்கு 1,300, கொட்டகலையில் ஒரு கடைக்காரருக்கும் 1,300. போன மாதம் ஹோட்டல்காரர் 60 கிலோ எடுத்தார், 1,300 என்று பில் போட்டோம். பக்கத்துக் கடைக்காரர் அதே நிறையை 1,290க்கு வாங்கியதை அறிந்து, "பத்து வருடப் பழக்கத்துக்கு இதுதானா?" என்று கோபித்துக்கொண்டார். கொட்டகலைக்காரர் கிழமைக்கு 5 கிலோதான் எடுக்கிறார், அவருக்கும் 1,300தான். விலைகளைக் கணினியில் ஏற்ற நினைக்கிறேன். இரண்டு விலை மோதினால் எதை எடுப்பது? அப்பாவின் கொப்பிப் பக்கத்தின் படத்தையும் இத்துடன் அனுப்புகிறேன்.

பதில்: மகளே, பதிலை அந்தக் கொப்பிப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். சி.ஆர். கொப்பியின் இடது ஓரத்தில் ஊர், அதற்கு நேரே ஒரு தொகை. "ஹட்டன் 1300." "கொட்டகலை 1300." இரண்டொரு பெயருக்கு மட்டும் பென்சிலில் மாதம் குறித்திருக்கிறார். எத்தனை கிலோவுக்கு, எந்த நாள் வரை என்பது எங்கும் இல்லை. அப்பா அவற்றை மனதில் வைத்திருந்தார், அதனால் அவர் கல்லாவில் இருந்த வரை கொப்பி போதுமாக இருந்தது. உங்கள் கைக்கு வந்தது தொகை மட்டும்தான். இதை அப்படியே கணினியில் ஏற்றினால் இதே சச்சரவு வேகமாகத் திரும்பி வரும். ஆகவே மென்பொருளைப் பிறகு பார்ப்போம். முதலில் ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் என்ன வாக்கு இருந்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஹட்டன்காரரை எடுத்துக்கொள்வோம். அவர் பெயருக்கு எதிரே உள்ள மாதத்தையும், அதே கொப்பியின் பின்பக்கத்தில் உள்ள அப்போதைய பட்டியலையும் சேர்த்துப் பார்த்தேன். அந்த நேரத்தில் 50 கிலோவுக்கு மேல் பட்டியல் விலை 1,350. அதாவது அப்பா கொடுத்தது, மொத்தமாக எடுக்கிறவருக்குப் பட்டியலைவிட 50 ரூபாய் குறைவு. பிறகு சந்தை இறங்கியது, நீங்கள் பட்டியலை 1,290க்குக் கொண்டுவந்தீர்கள். பட்டியல் 60 ரூபாய் இறங்கியபோது கொப்பியில் இருந்த 1,300 அசையாமல் நின்றது. சலுகையாகத் தொடங்கிய விலை, யாரும் கவனிக்காமல் தண்டமாக மாறிவிட்டது. ஹோட்டல்காரரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஒருவருக்குத் தனி விலை பேசும்போது இரண்டு வகையான வாக்குகளில் ஒன்றைத்தான் கொடுக்கிறோம். ஒன்று நிலை விலை: "சந்தை ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்கு 1,300." இரண்டாவது, பட்டியலோடு சேர்ந்து நகரும் கழிவு: "அன்றைய பட்டியல் விலையில் இவ்வளவு குறைவு." அப்பா மனதில் வைத்திருந்தது இரண்டாவது வகை என்றே எனக்குத் தோன்றுகிறது, கொப்பியில் எழுதியதோ முதல் வகை. உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான்.

தேயிலை வியாபாரத்துக்கு எந்த வகை பொருந்தும் என்று கேட்டால், நான் கழிவு முறையையே சொல்வேன். கொழும்புத் தேயிலை ஏலம் கிழமைதோறும் நடக்கிறது. நீங்கள் நேரடியாக ஏலத்தில் வாங்காவிட்டாலும், தொழிற்சாலையும் தரகரும் உங்களுக்குச் சொல்லும் விலை அதையே பார்த்து நகர்கிறது. வாங்கும் விலை நகர, விற்கும் விலை மட்டும் ஆறு மாதம் நின்றால் அந்த இடைவெளியை நீங்கள்தான் சுமக்க வேண்டும். கழிவையும் சதவீதத்தில் பேசாமல் ரூபாயில் பேசுங்கள். உங்கள் இலாபம் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற கணக்கில் வருகிறது. சதவீதக் கழிவோ பட்டியல் விலை ஏறும்போது தானும் வளரும். அடக்கமும் பட்டியலும் ஒரே அளவு ஏறிய மாதத்தில், உங்கள் இலாபம் ஒரு சதமும் கூடாமல் கழிவு மட்டும் கூடியிருக்கும்.

இருந்தாலும், சில ஹோட்டல்காரர்கள் நிலை விலையைத்தான் கேட்பார்கள். தேநீரின் விலையைச் சுவரில் எழுதி வைத்துவிட்டவருக்குத் தேயிலை விலை கிழமைக்குக் கிழமை மாறுவது தலையிடி. அப்படிக் கேட்பவருக்குக் கொடுங்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், எவ்வளவு எடுக்கப்போகிறார் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வி உண்மையில் கடிக்கும் இடமும் இந்த நிலை விலைதான்.

நியாயப்படி பார்த்தால், விலை ஏறும்போது பாதுகாப்புப் பெற்றவர், இறங்கும்போதும் அதே விலையைக் கொடுக்க வேண்டும். நிலை விலை என்றால் இரு பக்கமும் நிலைதான். பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் இப்படி எழுதி, அப்படியே நடத்தவும் செய்யும். ஆனால் மல்லியப்பு சந்தியில் தேநீர் குடித்தபடி இரண்டு கடைக்காரர்கள் பில்லை ஒப்பிட்டுப் பார்க்கும் ஊரில், புதிதாக வந்தவருக்கு 1,290, பழகியவருக்கு 1,300 என்பதை நீங்கள் எப்படி விளக்கினாலும் எடுபடாது. ஆகவே என் பரிந்துரை இது: பேசிய விலை, அந்த நிறைக்குரிய பட்டியல் விலை, இந்த இரண்டில் எது குறைவோ அது. இது தாராளம்தான். ஏறினாலும் இறங்கினாலும் வாடிக்கையாளருக்கே நன்மை. அதனால்தான் காலத்தை மூன்று மாதத்துக்குள் அடக்கச் சொல்கிறேன். குறுகிய காலத்தில் பட்டியல் பேசிய விலைக்குக் கீழே விழும் வாய்ப்புக் குறைவு, விழுந்தாலும் நீங்கள் விட்டுக்கொடுக்கும் தொகை சிறியது.

கழிவு முறையில் பேசியவர்களுக்கு இந்த மோதலே வராது. பட்டியலில் 30 ரூபாய் குறைவு என்றால், பட்டியல் எங்கே போனாலும் அவர் விலை அதற்குக் கீழேதான் இருக்கும். அங்கே வேறொரு பொறி இருக்கிறது. ஹட்டன்காரருக்குப் பழைய வாக்கின்படியே 50 ரூபாய் கழித்தால், 60 கிலோவுக்கு 1,240 வரும். ஒரே தடவையில் 100 கிலோ எடுக்கும் புதியவருக்கே 1,250தான். இவர் ஒரு நாள் 100 கிலோ எடுத்தால் 1,200, அடக்கத்துக்கு மேல் உங்களிடம் நிற்பது 30 ரூபாய். கடன் வாங்கி அடுத்த மாதம் கொடுப்பவர் என்றால் அதுவும் கரைந்துவிடும். நிறைக்காக ஒரு முறை குறைத்த விலையில், ஆளுக்காக இன்னொரு முறை குறைக்கிறோம் என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே கழிவோடு ஒரு கீழ்வரம்பும் வேண்டும்: என்ன கழித்தாலும் இதற்குக் கீழே விலை இறங்காது என்ற ஒரு தொகை.

ஹட்டன்காரருக்கு நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன். ஒரே தடவையில் 50 கிலோ அல்லது அதற்கு மேல் எடுக்கும்போது, அன்றைய பட்டியல் விலையில் கிலோவுக்கு 30 ரூபாய் குறைவு, கீழ்வரம்பு 1,230. இன்றைய பட்டியலில் 60 கிலோவுக்கு அவர் விலை 1,260. உங்களுக்குக் கிலோவுக்கு 90 ரூபாய், அந்த ஒரு பில்லில் 5,400 ரூபாய். 100 கிலோ எடுத்தால் கணக்கின்படி 1,220 வரும், கீழ்வரம்பு அதை 1,230இல் நிறுத்தும். 40 கிலோ மட்டும் எடுக்கும் மாதத்தில் மற்றவர்களைப் போல 1,340. அவருக்கு இன்றைக்கு விழுந்த 1,300ஐவிட 1,260 நல்ல விலை. உங்களுக்கோ பழைய 50 ரூபாய்க் கழிவைவிட நல்ல ஏற்பாடு. கீழ்வரம்பு மட்டும் கல்லில் எழுதியது அல்ல, அடக்கம் மாறும்போது அதையும் மாற்ற வேண்டும்.

இனிக் கொட்டகலை. இங்கே பேசிய விலைக்கு நிறை நிபந்தனை இல்லாததுதான் குறை. 1,300க்கு விற்றாலும் கிலோவுக்கு 130 ரூபாய் நிற்கிறதே, ஹட்டன்காரரிடம் கிடைப்பதைவிடக் கூடுதல்தானே என்று தோன்றும். கிலோவைப் பார்க்காமல் பில்லைப் பாருங்கள். 5 கிலோவுக்கு 650 ரூபாய். அதற்குள் நிறுப்பதும் கட்டுவதும் பில் எழுதுவதும் லொறி அவர் கடை வாசலில் நிற்பதும் அடங்க வேண்டும். 60 கிலோவுக்கும் இதே வேலைதான், ஒரு முறைதான். நிறைக்கு ஏற்ப விலை குறைப்பதன் காரணமே இந்த வேலை மிச்சமாவதுதான். வேலை மிச்சமாகாத இடத்தில் அந்த விலையைக் கொடுத்தால், அது நிறைக்கான விலை அல்ல, நட்புக்கான விலை. நட்புக்குக் கொடுப்பதில் தவறில்லை, எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். பட்டியலோடு ஒப்பிட்டால் கிழமைக்கு 500 ரூபாய், வருடத்துக்கு 26,000.

அவர் சொல்லப்போவதும் எனக்குத் தெரியும்: "நான் மாதத்துக்கு 20 கிலோ எடுக்கிறேனே." இது வேறொரு கேள்வியைக் கிளப்புகிறது. பட்டியலில் உள்ள 10, 50, 100 என்பவை ஒரு தடவை எடுக்கும் நிறையா, ஒரு மாதத்தில் சேரும் நிறையா? பட்டியலில் அதை எழுதாத வரை ஆளுக்கு ஒரு விதமாகத்தான் வாசிப்பார்கள். ஒரு தடவை நிறைக்கான விலைக்குறைப்பு உங்கள் செலவு மிச்சமாவதற்காக. மாத நிறைக்கான சலுகை அவர் வேறு கடைக்குப் போகாமல் இருப்பதற்காக. இரண்டையும் ஒரே தொகையில் கலக்கக் கூடாது. பில்லில் எப்போதும் ஒரு தடவை நிறைக்குரிய விலையே வரட்டும். மாதச் சலுகை கொடுக்க விரும்பினால், மாதம் முடிந்து, நிறை உண்மையில் சேர்ந்த பிறகு, அடுத்த பில்லில் கழிக்கும்படி ஒரு கிரெடிட் நோட்டாகக் கொடுங்கள். முன்கூட்டியே குறைத்துக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் 12 கிலோதான் சேர்ந்தது என்று மீதியைத் திருப்பிக் கேட்க உங்களால் முடியாது.

கொட்டகலைக்காரருக்கு இரண்டு வழி காட்டுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு முறை 10 கிலோவாக எடுத்தால் 1,340. நான்கு கிழமைக்கு 26,800 ரூபாய் ஆகும், இன்று அவர் கொடுப்பது 26,000. 800 ரூபாய் வித்தியாசத்துக்காக அவர் வேறு ஆளைத் தேடிப் போகமாட்டார் என்று நினைக்கிறேன். 5 கிலோவாகத்தான் வேண்டும் என்றால் பில்லில் 1,400, நான்கு கிழமையில் 20 கிலோ சேர்ந்தால் கிலோவுக்கு 40 ரூபாய் கிரெடிட் நோட். அதன்படி 27,200. முதல் வழி அவருக்கு மலிவு, உங்களுக்கும் லொறி இரண்டு முறை நின்றால் போதும். தயங்கினார் என்றால் காரணம் பெரும்பாலும் பணமாக இராது. நம் மலைப் பனியில் சாக்கைத் திறந்து வைத்தால் தேயிலை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் கருவாட்டு வாசத்தையும் பிடித்துக்கொள்ளும். 10 கிலோவை இரண்டு 5 கிலோப் பையாக, உள்ளே பொலித்தீன் உறையோடு கட்டிக் கொடுத்தால் அந்தப் பயம் போய்விடும்.

பட்டியலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்காத ஒரு கோணல் அதில் இருக்கிறது. 49 கிலோவுக்கு 1,340 வீதம் 65,660 ரூபாய். 50 கிலோவுக்கு 1,290 வீதம் 64,500. ஒரு கிலோ கூட எடுப்பவர் 1,160 ரூபாய் குறைவாகக் கொடுக்கிறார். 97, 98, 99 கிலோவிலும் இதே கதைதான். வாடிக்கையாளருக்கு இது தெரியவந்தால் சிரிப்பார், தெரியாமல் 49 கிலோவுக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு அறிந்தால் சிரிக்கமாட்டார். விலை மாறும் எல்லை எங்கே இருந்தாலும் இந்தக் கோணல் கொஞ்சம் இருக்கும். எல்லைக்கு முன்னுள்ள நிறைகளுக்குப் பழைய விலை, எல்லைக்கு மேலுள்ள நிறைக்கு மட்டும் புதிய விலை என்று அடுக்கடுக்காகக் கணக்கிட்டால் அது மறையும். ஆனால் அந்தக் கணக்கைக் கடையில் நின்று யாருக்கும் விளங்கவைக்க முடியாது. அதைவிட எளிய வழி, 10 கிலோவுக்கு மேல் விற்பதை 10 கிலோ மூட்டைகளாக மட்டும் விற்பது. 40 கிலோ 53,600, அடுத்தது 50 கிலோ 64,500. 90 கிலோ 1,16,100, அடுத்தது 100 கிலோ 1,25,000. இடையில் ஒன்றும் இல்லை, கோணலும் இல்லை. மூட்டை பிரித்துத்தான் வேண்டும் என்பவர் 49 கேட்டால், 50 எடுப்பது இலாபம் என்று உங்கள் கடைப் பையனே சொல்லிக் கொடுக்கட்டும்.

பி.ஓ.பி.எஃப். வகைத் தேயிலை 20 கிலோவும் டஸ்ட் 30 கிலோவும் சேர்த்து 50 என்று கேட்பவர்களும் வருவார்கள். ஒரே லொறியில் ஒரே பில்லில் போகிறது என்றால், எனக்கு மறுப்பில்லை, உங்கள் மிச்சம் அதே மிச்சம்தான். சேர்க்கலாமா கூடாதா என்பதைப் பட்டியலின் அடியில் ஒரு வரியாக அச்சிட்டுவிடுங்கள்.

இப்போது கணினி. மென்பொருள்களிலேயே இந்த விடயத்தில் ஒருமித்த வழக்கம் இல்லை. சில, வாடிக்கையாளர் பெயரில் விலை இருந்தால் பொதுப் பட்டியலைத் திரும்பியும் பார்க்காது. சில, பொருந்துகின்ற எல்லா விலைகளிலும் மிகக் குறைந்ததை எடுக்கும். நம் பக்கத்துக் கணக்காளர்கள் பலருக்குப் பழக்கமான டாலியில் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு விலை நிலையை இணைப்பீர்கள். அந்த நிலையின் பட்டியல்தான் அவருக்கு, மற்றொரு பட்டியலோடு அது தானாக ஒப்பிட்டுப் பார்க்காது. அதில் எல்லையை எழுதும் விதத்தையும் கவனியுங்கள். "Less Than" என்ற இடத்தில் 10 என்று போட்டால் 10 கிலோ அந்த வரிசையில் சேராது, அடுத்த வரிசைக்குப் போகும். 9 என்று போட்டால் 9 கிலோ எடுப்பவருக்கு விலை பிசகும். எந்த மென்பொருளாக இருந்தாலும் விற்பவர் சொல்வதை நம்பாமல், ஹட்டன்காரர் பெயரில் 40, 50, 60, 100 கிலோவுக்கு மாதிரிப் பில் போட்டுப் பாருங்கள். 1,340, 1,260, 1,260, 1,230 என்று வர வேண்டும்.

மென்பொருள் வாங்கும் வரை எக்செல் போதும். பொது விலை, தனி விலை எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் வையுங்கள். ஒரு வரிக்கு ஆறு கட்டம்: வாடிக்கையாளர், பொருள், எத்தனை கிலோவிலிருந்து, விலை, தொடங்கும் நாள், முடியும் நாள். பொதுப் பட்டியலுக்கு வாடிக்கையாளர் இடத்தில் `ALL`. ஹட்டன்காரருக்கு இரண்டு வரி: 50இலிருந்து 1,260, 100இலிருந்து 1,230. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் கீழே உள்ளபடி பெயர் வைத்துவிட்டு, பில் தாளில் A2இல் வாடிக்கையாளர், B2இல் பொருள், C2இல் நிறை, D2இல் திகதி இட்டு இவற்றை எழுதுங்கள்:

```
F2: =MINIFS(Rate,Cust,A2,Item,B2,FromQty,"<="&C2,StartDate,"<="&D2,EndDate,">="&D2)
G2: =MINIFS(Rate,Cust,"ALL",Item,B2,FromQty,"<="&C2,StartDate,"<="&D2,EndDate,">="&D2)
H2: =IF(F2=0,G2,MIN(F2,G2))
```

F2 அவருடைய தனி விலை, G2 பொது விலை, H2 இரண்டில் குறைந்தது. நிறை கூடக்கூட விலை இறங்கும் பட்டியல் என்பதால், அந்த நிறைக்கு எட்டிய வரிசைகளில் மிகக் குறைந்தது எதுவோ அதுவே சரியான வரிசை. பொருத்தமான வரி இல்லாவிட்டால் `MINIFS` 0 என்று காட்டும், அதற்காகத்தான் H2இல் அந்த `IF`. H2இலேயே 0 வந்தால் பொதுப் பட்டியலில் அந்தப் பொருளுக்கு அன்றைய திகதியில் விலை இல்லை என்று பொருள். இரண்டு வகைத் தேயிலையைச் சேர்த்து எண்ண அனுமதித்தால், C2இல் பில்லின் மொத்த நிறையை இடுங்கள். இந்தக் கட்டளை எக்செல் 2019 முதல் இருக்கிறது, பழைய பதிப்பில் வேலை செய்யாது.

இரண்டு இடத்தில் இது உங்களைக் கைவிடும். முடியும் நாளை வெறுமையாக விட்டால் அந்த வரி எந்தத் திகதிக்கும் பொருந்தாது. ஹட்டன்காரரின் சலுகை சத்தமில்லாமல் மறைந்து, அவருக்குப் பொது விலை விழும். ஒன்றும் பிழை என்று திரையில் காட்டாது, அவர் தொலைபேசியில் கத்தும்போதுதான் தெரியும். மற்றது இதற்கு நேர்மாறு. விலை ஏறும்போது புதிய வரியை எழுதிவிட்டுப் பழைய வரியின் முடியும் நாளை மாற்ற மறந்தால், இரண்டும் உயிரோடு இருக்கும், கணினி மலிவான பழையதையே எடுக்கும். இதற்கு யாரும் கத்தமாட்டார்கள், அதனால்தான் இது மோசமானது. புதிய பட்டியல் மாதம் 1ஆம் திகதி தொடங்கினால், பழையது முந்தைய நாளோடு முடிய வேண்டும். பட்டியல் மாறிய முதல் கிழமையில் பில்களைப் புரட்டி, அன்றைய பட்டியலில் இல்லாத விலை ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். கழிவு முறையில் பேசியவர்களின் வரிகளையும் அதே நாளில் புதுப்பிக்க வேண்டும், அவை தாமாக நகராது.

28ஆம் திகதி தொலைபேசியில் சொல்லி 2ஆம் திகதி லொறியில் போகும் சரக்குக்கு எந்த விலை? சொன்ன நாளின் விலை என்று வையுங்கள், ஆனால் ஏழு நாளுக்குள் எடுத்தால் மட்டும். இல்லாவிட்டால் விலை ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டவுடன் எல்லோரும் மூன்று மாதத்துக்குச் சொல்லி வைத்துவிடுவார்கள்.

பெறுமதி சேர் வரி உங்கள் வியாபாரத்துக்குப் பொருந்துமானால், பேசிய விலை வரியுடனா வரி இல்லாமலா என்பதையும் எழுத வேண்டும். 2024 ஜனவரி 1 அன்று அந்த வரி 15இலிருந்து 18 சதவீதமானபோது, வரியுடன் 1,300 என்று பேசி விற்றவரின் கையில் நின்றது 1,130இலிருந்து 1,102 ரூபாய் அளவுக்கு இறங்கியது. கிலோவுக்கு 28 ரூபாய், ஒரு பேச்சும் இல்லாமல்.

பேசியதை வாடிக்கையாளர் கைக்கு எழுத்தில் அனுப்புங்கள். கடிதத்தாள் தேவையில்லை, வட்ஸ்அப் போதும். ஹட்டன்காரருக்கு இப்படி:

"வணக்கம் அண்ணன். டஸ்ட் 1, ஒரே தடவையில் 50 கிலோ முதல், அன்றைய எங்கள் பட்டியல் விலையில் கிலோவுக்கு 30 ரூபாய் குறைவு. எவ்வளவு எடுத்தாலும் 1,230க்குக் கீழ் வராது. எங்கள் வாங்கும் விலை மாறினால், 14 நாள் முன்னதாகச் சொல்லி இந்த 1,230ஐ மாற்றுவோம். 50க்குக் குறைந்தால் பட்டியல் விலை. வருகிற 1ஆம் திகதி முதல் மூன்று மாதம், முடிவதற்கு முன் மீண்டும் பேசுவோம். சரி என்றால் ஒரு பதில் போடுங்கள்."

சிங்கள வாடிக்கையாளர்களுக்கு இதையே சிங்களத்தில் எழுதி அனுப்புங்கள். "விளங்கியது" என்று தலையாட்டியவர் விளங்கிக்கொண்டது வேறாக இருக்கலாம். பதில் வந்த பிறகுதான் அந்த விலை அட்டவணையில் ஏற வேண்டும், அந்தச் செய்தியின் திகதியையும் அதன் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொருவருக்குப் பேசிய விலை வேறொருவர் கண்ணில் படாமல் இருக்க, கல்லாவில் தொங்கும் தாளில் பொதுப் பட்டியல் மட்டும் இருக்கட்டும்.

போன மாதப் பில்லுக்கு, ஹட்டன்காரருக்குக் கிலோவுக்கு 10 வீதம் 600 ரூபாய் கிரெடிட் நோட் போட்டுவிடுங்கள். புதிய ஏற்பாட்டை அதோடு சேர்த்துப் பேசாதீர்கள், பழைய கணக்குக்குப் பேரம் பேசுவது போலத் தோன்றும். நோட்டை அனுப்பி இரண்டு நாள் கழித்து மேலே உள்ள செய்தியை அனுப்பலாம். கொட்டகலைக்காரருக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். அடுத்த முறை லொறி போகும்போது நீங்களும் கூடப் போய் நேரில் சொல்லுங்கள், 10 கிலோ மாதிரி மூட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு. இந்த மாதம் முடியும் வரை அவருக்கு 1,300தான், அட்டவணையில் அந்த விலைக்கு முடியும் நாளாக மாதக் கடைசித் திகதியை இப்போதே இட்டுவிடுங்கள்.